சாவி கொடுத்த பிறகும் முடியாத கடமை

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு கருத்து கேள்வியே இல்லாமல் நிலைபெற்றிருக்கிறது. சாவியை வாங்கிப் பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டால், அதற்குமேல் கட்டிக் கொடுத்தவருக்கும் நமக்கும் பேச்சில்லை என்பதே அது. கார் நிறுத்தும் தளத்தின் மேற்கூரை ஒழுகினாலும், கழிவுநீர்த் தொட்டியிலிருந்து நாற்றம் கிளம்பினாலும், தோட்டம் காய்ந்து கிடந்தாலும், "அசோசியேஷன் பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள். கட்டுமான நிறுவனத்தின் ஊழியர்கள் இப்படிச் சொல்வதில் எனக்கு வியப்பில்லை. ஆயுள் சேமிப்பையும் இருபது ஆண்டு வங்கிக் கடனையும் போட்டு வீடு வாங்கிய என் அண்டை வீட்டாரே இதை நம்பியதுதான் என்னை நெடுநாள் உறுத்தியது. எங்கள் குடியிருப்பில் நாங்கள் எழுதிய புகாரையும் அது பட்ட பாட்டையும் விரிவாகப் பதிவு செய்ய நினைத்ததற்கு அந்த உறுத்தலே காரணம்.

எங்கள் குடியிருப்பு சென்னையின் தென்புறத்தில், பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. மொத்தம் 180 வீடுகள். தரைக்குக் கீழே ஒரு கார் நிறுத்தும் தளமும், அதன் கூரையின்மீது தோட்டமும் நடைபாதையும் சிறுவர் விளையாடும் இடமும் கொண்ட போடியமும் உண்டு. சாவி கொடுத்து ஓராண்டு கடப்பதற்குள் பொதுப்பகுதிகள் மளமளவென்று சீர்கெடத் தொடங்கின. வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு நாளும் புகைப்படங்கள் குவிந்தன. நிறுவனம் நியமித்திருந்த பராமரிப்பு மேலாளர் ஒவ்வொன்றுக்கும் "கவனிக்கிறோம் சார்" என்று பதில் போட்டார். எதுவும் மாறவில்லை. பிறகு சிலர் சேர்ந்து, எல்லாக் குறைகளையும் ஒரே மூச்சில் அடுக்கி, "பராமரிப்பு மிக மோசம், உடனே சரிசெய்யவும்" என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். அதற்கு வந்த பதில் மிகவும் பணிவானது. குடியிருப்போர் விரைவில் சங்கம் அமைத்துப் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் இக்குறைகளைத் தாங்களே விரும்பியவாறு தீர்த்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது.

அந்தப் பதில் எங்கள் குழுவை இரண்டாகப் பிளந்தது. "சரி, நாமே எடுத்து நடத்துவோம்" என்று ஒரு பக்கமும், "மெயின்டனன்ஸ் பணத்தைக் கட்டாமல் நிறுத்துவோம்" என்று மறுபக்கமும் பேசினார்கள். இரண்டுமே அவசரப்பட்ட முடிவுகள் என்பது என் எண்ணம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வீடு வாங்கியவர்மீதும் கடமை சுமத்துகிறது. ஒப்பந்தப்படி பராமரிப்புக் கட்டணத்தில் தம் பங்கைச் செலுத்த வேண்டும் என்று பிரிவு 19 கூறுகிறது, தாமதித்தால் வட்டியும் உண்டு. பணத்தை நிறுத்தியவர்கள் அந்தச் சட்டப்படி அமைந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் நிற்கும்போது, முதல் கேள்வி அவர்களை நோக்கித்தான் வரும். அதேபோல, இருக்கும் நிலையிலேயே எல்லாவற்றையும் ஏற்றுக் கையெழுத்திட்டுவிட்டால், நிறுவனம் செய்ய வேண்டிய வேலையின் செலவை நாம் தோளில் ஏற்றிக்கொண்டவர்களாவோம்.

இரண்டு ஒப்படைப்புகள்

இங்கே குழப்பத்தின் வேர், ஒப்படைப்பு ஒருமுறைதான் நடக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்வதில் இருக்கிறது. உண்மையில் அது இரண்டு முறை நடக்கிறது. முதலாவது, அவரவர் வீட்டின் சாவி அவரவர் கைக்கு வருவது. இரண்டாவது, பொதுப்பகுதிகளும் அவற்றுக்குரிய வரைபடங்கள், உரிமங்கள், உத்தரவாதச் சீட்டுகள், கணக்குகள் ஆகியவையும் குடியிருப்போர் சங்கத்தின் கைக்கு வருவது. இவை இரண்டுக்கும் இடையே பல மாதங்கள், சில இடங்களில் பல ஆண்டுகள் ஓடிவிடும். பொதுப்பகுதிகள் பாழாவது பெரும்பாலும் இந்த இடைக்காலத்தில்தான்.

2016-ஆம் ஆண்டின் அந்த மத்தியச் சட்டத்தில் இந்த இடைக்காலத்துக்கு விடை இருக்கிறது. சங்கம் பராமரிப்பை ஏற்றுக்கொள்ளும் வரை, நியாயமான கட்டணத்தில் அத்தியாவசியச் சேவைகளை வழங்குவதும் பராமரிப்பதும் கட்டுமான நிறுவனத்தின் பொறுப்பு என்று பிரிவு 11(4)(டி) சொல்கிறது. இது ஒரு கடமை. பிரிவு 14(3) வேறொரு கடமையைச் சொல்கிறது. கட்டமைப்பிலோ, வேலையின் தரத்திலோ, வழங்கிய சேவைகளிலோ உள்ள குறையை, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் நிறுவனத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தால், கூடுதல் கட்டணம் எதுவுமின்றி 30 நாட்களுக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும். செய்யத் தவறினால் இழப்பீடு கேட்கலாம். முதல் கடமை சங்கம் பொறுப்பேற்கும் நாளோடு முடிகிறது. இரண்டாவது கடமை சங்கம் வந்தாலும் வராவிட்டாலும் ஐந்து ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்து எங்கள் முதல் மின்னஞ்சலைப் படித்தால், அது ஏன் வலுவிழந்தது என்பது விளங்கும். பெருக்காத படிக்கட்டும் ஒழுகும் கூரையும் அதில் ஒரே வரியில் நின்றன. நிறுவனத்துக்கு அதைவிட வசதியானது வேறில்லை. பெருக்காத படிக்கட்டுக்குப் பொருந்தும் பதிலை ஒழுகும் கூரைக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம். சங்கம் அமைந்தால் படிக்கட்டைப் பெருக்க ஆள் வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதானே. கூரைக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே, குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது வேலைக் குறையா, அன்றாடப் பராமரிப்புக் குறையா என்று பிரித்தறிந்த பிறகே அடுத்த கடிதத்தை எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம்.

கார்தளத்தில் ஒரு சோதனை

பிரித்தறிவது கேட்க எளிதாக இருந்தாலும் நடைமுறையில் கடினமானது என்பதைக் கார்தளம் காட்டியது. மழைக்காலத்தில் மட்டும் அல்ல, வெயில் நாட்களிலும் அங்கே கூரையிலிருந்து நீர் சொட்டியது. சொட்டிய இடங்களில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, சில இடங்களில் விரல் நீளத்துக்குக் கீழே தொங்கியது. கான்கிரீட்டின் ஊடாக இறங்கும் நீர் அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து, காற்றுப்பட்டவுடன் படியவிடுவதால் ஏற்படும் படிவம் அது. அந்த நீர் காரின் மீது விழுந்து காய்ந்தால் வண்ணப்பூச்சில் கறை பிடித்துக்கொள்ளும், கழுவினாலும் போகாது. பலருடைய புகாரும் கார் கறையைப் பற்றித்தான் இருந்தது. ஆனால் எங்கள் குடியிருப்பிலேயே வசிக்கும், பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், தூண் ஓரமாக ஓர் இடத்தில் வெள்ளைக்கு நடுவே பழுப்புக் கோடு இறங்கியிருந்ததைச் சுட்டிக்காட்டினார். "வெள்ளை வந்தா தண்ணி வருதுன்னு அர்த்தம். பழுப்பு வந்தா உள்ளே கம்பி துருப்பிடிக்க ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். கார் பெயின்ட்டைப் பத்திப் பேசாதீங்க, இந்தக் கோட்டைப் பத்திப் பேசுங்க" என்றார்.

நிறுவனத்தின் விளக்கம் வேறாக இருந்தது. போடியத்தின் மேலுள்ள செடித்தொட்டிகளுக்கு அளவுக்கு அதிகமாக நீர் பாய்கிறது, மழைநீர் இறங்கும் வாய்களில் இலைகள் அடைத்துக்கொள்கின்றன, எனவே இது பராமரிப்புக் குறை என்றார்கள். இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. இலை அடைத்து நீர் தேங்கினால் கசிவு கூடத்தான் செய்யும். எந்தப் பக்கம் உண்மை இருக்கிறது என்பதை வாதத்தால் தீர்க்க முடியாது. நீரைத் தேக்கிப் பார்த்தால் தீர்த்துவிடலாம் என்று அந்தப் பொறியாளர் சொன்னார். இரு தரப்பும் உடனிருந்து பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்டோம். நிறுவனம் தயங்கியது, ஒருவழியாக ஒப்புக்கொண்டது.

மழையில்லாத காலமாகப் பார்த்துச் சோதனையைத் தொடங்கினோம். முதலில் ஒரு வார காலம் தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாயை மூடிவைத்து, கீழே கூரை உலரும்வரை காத்திருந்தோம். ஏற்கெனவே ஈரக்கறை இருந்த இடங்களைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு போட்டுத் தேதியையும் தூண் எண்ணையும் எழுதினோம். பிறகு மேலே செடித்தொட்டிகளில் மட்டும் நீர் நிரப்பினோம். இரண்டு நாட்கள் கழித்தும் கீழே புதிய ஈரம் தோன்றவில்லை. அடுத்து, நடைபாதைப் பகுதியில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, மழைநீர் வாயை அடைத்து, சுற்றிலும் சிமெண்டுக் கலவையால் சிறு வரப்பு எழுப்பி, ஏறத்தாழ இரண்டு அங்குல உயரத்துக்கு நீரைத் தேக்கினோம். இத்தகைய சோதனையில் ஓரிரு நாட்களேனும் நீரை நிற்கவிடுவது வழக்கம். எங்களுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. அன்று மாலைக்குள்ளேயே, கட்டடத்தின் இரு பகுதிகளும் சேரும் விரிவு இணைப்பின் நெடுகிலும் கீழே ஈரம் வரிவரியாக இறங்கத் தொடங்கியது. கோடு போட்டு வைத்திருந்த வட்டங்களைத் தாண்டி அது பரவியதை நிறுவனத்தின் தளப் பொறியாளரும் எங்களோடு நின்று பார்த்தார். கைப்பேசியில் நேரம் தெரியும்படி படம் எடுத்தோம். சிறு குறிப்பேட்டில் நடந்ததை எழுதினோம். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு அதில் கையெழுத்திட்டார்.

இந்தப் புகாரின் திருப்பம் அந்தக் கையெழுத்துத்தான். விரிவு இணைப்பு என்பது வெப்பத்தால் கான்கிரீட் விரிந்து சுருங்குவதற்காக வேண்டுமென்றே விடப்படும் இடைவெளி. அதை நீர் புகாதபடி நெகிழும் பொருளால் மூடி, அதன்மீது நீர்த்தடுப்புப் படலத்தை வளைவு விட்டு ஒட்ட வேண்டும். அது சரியாகச் செய்யப்படவில்லை என்றால், எந்தத் துப்புரவுப் பணியாளரும் எத்தனை முறை இலையைப் பொறுக்கினாலும் ஒழுகல் நிற்காது. செடிகளிலிருந்து நீர் இறங்கவில்லை என்பதும், இணைப்பிலிருந்து இறங்குகிறது என்பதும் ஒரே சோதனையில் வெளிப்பட்டதால், இது பிரிவு 14(3)-இன் கீழ் வரும் வேலைக் குறை என்பதில் அதற்குப் பிறகு விவாதமே எழவில்லை.

விவாதம் சரிசெய்யும் முறைக்கு நகர்ந்தது. கீழேயிருந்து கூரையில் துளையிட்டு, நீர் பட்டால் நுரைத்துப் பெருகும் பாலியூரித்தேன் பசையைச் செலுத்தி, மேலே வெள்ளையடித்துத் தரலாம் என்றார்கள். செலவு குறைவு, ஓரிரு நாள் வேலை. பல குடியிருப்புகளில் இதைச் செய்து கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். நீர் மேலிருந்து வரும்போது வழியைக் கீழே அடைத்தால், அது கான்கிரீட்டுக்குள்ளேயே தங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, அடுத்த தூணின் அருகில் வெளிவரும். கம்பிகள் அதுவரை ஈரத்திலேயே ஊறும். எனவே, மேலே தரைக்கற்களையும் அடிக்கலவையையும் பெயர்த்தெடுத்து இணைப்பைப் புதிதாக மூட வேண்டும், கற்களை மீண்டும் பதிப்பதற்கு முன் எங்கள் முன்னிலையில் மறுபடியும் நீர் தேக்கிக் காட்ட வேண்டும், பழுப்புக் கோடு தெரிந்த இடத்தில் கம்பியைத் திறந்து பார்த்துத் துருவை நீக்க வேண்டும் என்று கடிதத்தில் தெளிவாக எழுதினோம். குறையைச் சொல்வதோடு நில்லாமல், எது நடந்தால் குறை தீர்ந்ததாக ஏற்போம் என்பதையும் எழுதிவிட்டால், வெள்ளையடித்த கூரையைக் காட்டி "முடித்துவிட்டோம்" என்று சொல்ல இடமிருக்காது.

நாற்றத்தின் காரணம்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கதை இதற்கு எதிர்த்திசையில் சென்றது. மாலை நேரங்களில் தரைத்தளத்து வீடுகளில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. அழுகிய முட்டை நாற்றம். நிலையமே தரமற்றது, புதிதாகக் கட்டித்தர வேண்டும் என்று பலர் கொதித்தார்கள். அந்த நிலையத்தில் காற்றூட்டும் தொட்டிதான் இதயம். அங்கே நுண்ணுயிர்கள் கழிவை உண்டு வளர்கின்றன, அவற்றுக்கு இடைவிடாது காற்று வேண்டும். அந்தத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் நீர் எடுத்து, அசைக்காமல் அரை மணி நேரம் வைத்தால் நிலையத்தின் உடல்நிலை தெரிந்துவிடும். நன்றாக இயங்கும் நிலையத்தில் பழுப்பு நிறச் சேறு மெல்ல இறங்கிக் குடுவையின் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை நிற்கும், மேலே நீர் தெளிவாக இருக்கும். எங்கள் குடுவையில் சாம்பல் நிறக் கலங்கல் அப்படியே இருந்தது. அடியில் விரல் அகலத்துக்குக்கூடச் சேறு சேரவில்லை. உண்ண உயிர்களே இல்லை என்று பொருள்.

காரணம் பதிவேட்டில் இருந்தது. காற்று ஊதும் இயந்திரம் நாள் முழுவதும் ஓட வேண்டியது, பகலில் சில மணி நேரம் மட்டும் ஓடியதாக இயக்குபவரே எழுதி வைத்திருந்தார். "கரண்ட் பில் ஏறுதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க சார், நைட்ல ஆஃப் பண்ணிடச் சொல்லிட்டாங்க" என்றார். ஆகவே நாற்றம் வேலைக் குறையால் வரவில்லை. மின்கட்டணத்தை மிச்சப்படுத்தியதால் வந்தது. இது பிரிவு 11(4)(டி)-க்குரியது. அதே அறையில் மாற்றாக வைக்கப்பட்டிருந்த இரண்டாவது ஊதும் இயந்திரம், நிலையத்தை இயக்கத் தொடங்கிய நாளிலிருந்தே ஓடியதில்லை என்பதும் பதிவேட்டில் தெரிந்தது. அது வழங்கப்பட்ட சேவையில் உள்ள குறை, பிரிவு 14(3)-க்குரியது. ஒரே அறை, ஒரே நாற்றம், ஆனால் இரண்டு வகைப் பொறுப்பு. கழிப்பறையில் அமிலமும் பிளீச்சிங் கரைசலும் தாராளமாக ஊற்றும் நம் வழக்கமும் அந்த நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதையும் குடியிருப்போர் கூட்டத்தில் நான் வெளிப்படையாகச் சொன்னேன். நம் பக்கத்துப் பங்கை மறைத்துவிட்டுப் புகார் எழுதினால், எதிர்த்தரப்பு அதையே முதலில் பிடித்துக்கொள்ளும்.

பணம் எங்கே குறைந்தது

மின்கட்டணத்தை ஏன் மிச்சப்படுத்த வேண்டியிருந்தது என்ற கேள்வி எங்களைக் கணக்குக்கு அழைத்துச் சென்றது. சாவி கொடுக்கும்போதே 24 மாதங்களுக்கான பராமரிப்புக் கட்டணத்தைச் சதுர அடிக்கு மாதம் 3.50 ரூபாய் வீதம் முன்கூட்டியே வாங்கியிருந்தார்கள். 1,050 சதுர அடி வீட்டுக்கு மாதம் 3,675 ரூபாய். 24 மாதங்களுக்கு 88,200 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 15,876 ரூபாய். வீடுகளின் சராசரிப் பரப்பும் ஏறத்தாழ அதுவே என்பதால், 180 வீடுகளுக்கும் சேர்த்து வரி நீங்கலாக மாதம் 6,61,500 ரூபாய் வரவேண்டும். செலவுத் திட்டமும் அந்தத் தொகைக்கே போடப்பட்டிருந்தது.

ஆனால் அப்போது சுமார் 40 வீடுகள் விற்கப்படாமல் நிறுவனத்திடமே இருந்தன. அவற்றுக்கான பங்கு, மாதம் 1,47,000 ரூபாய், கணக்கில் எங்குமே வரவு வைக்கப்படவில்லை. விற்ற வீடுகளிலிருந்து வந்த 5,14,500 ரூபாயில் முழு வளாகத்தையும் நடத்தியிருக்கிறார்கள். லிஃப்டும் காவலர்களும் எல்லா வீடுகளுக்கும் பொதுவானவை. வீடு காலியாக இருப்பதால் அவற்றின் செலவு குறைவதில்லை. குறைந்த பணத்தைச் சமாளிக்க இரவில் ஊதும் இயந்திரத்தை நிறுத்தினார்கள், துப்புரவுப் பணியாளர்களைக் குறைத்தார்கள், தோட்டக்காரரை நீக்கினார்கள். விற்காத வீட்டின் உரிமையாளர் நிறுவனமே என்பதால் அந்தப் பங்கை அதுவே செலுத்த வேண்டும் என்றும், வாங்கிய தொகைக்கும் செலவுக்கும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கைத் தர வேண்டும் என்றும் கேட்டோம். பொதுப்பகுதிகளின் சீர்கேட்டைப் பற்றிய எந்தப் புகாரும் இந்தக் கணக்கைக் கேட்காமல் முழுமை பெறாது என்பது என் உறுதியான கருத்து. பூட்டிய வீடுகளின் பங்கைக் கேட்கும் பழக்கம் ஏனோ நம்மிடம் இல்லை.

ஏற்பதும் ஏற்காததும்

கடிதத்தைச் சங்கத்தின் பெயரில் அனுப்ப வேண்டும் என்பதற்காக, அதுவரை வாட்ஸ்அப் குழுவாக மட்டும் இருந்ததைப் பதிவு செய்தோம். ஆணையத்தில் தனி ஒருவரும் முறையிடலாம். ஆனால் குழுவாக முறையிட வேண்டுமானால், வீடு வாங்கியோரின் சங்கத்துக்குப் பிரிவு 31 அந்த இடத்தைத் தருகிறது. கடிதத்தில் வேலைக் குறைகள் ஒரு பகுதியாகவும், பராமரிப்பும் கணக்கும் இன்னொரு பகுதியாகவும், தரவேண்டிய ஆவணங்கள் மூன்றாம் பகுதியாகவும் நின்றன. ஒவ்வொரு வேலைக் குறைக்கும் இடம், தூண் எண், முதலில் கவனித்த நாள், படம் ஆகியவை இருந்தன. மின்னஞ்சலோடு, ஒப்புகை பெறும் வசதியுடன் விரைவு அஞ்சலிலும் அனுப்பினோம். ஐந்து ஆண்டுகளுக்குள் கவனத்துக்குக் கொண்டுவந்தோம் என்பதற்கு அந்த ஒப்புகைச் சீட்டே சான்று. வாட்ஸ்அப்பில் போட்ட படத்தை "பார்க்கவில்லை" என்று சொல்லிவிடுவது எளிது.

ஆவணங்களைப் பற்றிய பகுதிக்கு, "நிலத்தின் பிரிக்கப்படாத பங்கை ஒவ்வொருவர் பெயரிலும் பதிவு செய்து கொடுத்துவிட்டோமே, இனி ஒப்படைக்க என்ன இருக்கிறது" என்று கேட்டார்கள். தமிழ்நாட்டில் வீட்டோடு அந்தப் பங்கையும் பத்திரத்தில் எழுதித் தருவது வழக்கம் என்பதால் இந்தப் பதில் பலரைத் திருப்திப்படுத்திவிடும். நிலத்தின் பங்கு கையில் இருந்தாலும், தீயணைப்புக் குழாயின் வரைபடம் இல்லாமல் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. லிஃப்டின் உரிமமும் உத்தரவாதச் சீட்டும் இல்லாமல் பராமரிப்பு ஒப்பந்தம் போட முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இல்லாமல் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்த முடியாது. பணி முடிப்புச் சான்று கிடைத்தபின் 30 நாட்களுக்குள் பொதுப்பகுதிகள் உட்பட உரிய ஆவணங்களையும் வரைபடங்களையும் சங்கத்திடம் தர வேண்டும் என்று பிரிவு 17(2) சொல்வதை எடுத்துக்காட்டியபின் அவை பகுதி பகுதியாக வந்தன.

பிறகு நிறுவனம் ஒரு பக்கத்துக்கு ஏற்புக் கடிதம் ஒன்றைத் தயாரித்து அனுப்பியது. அனைத்துப் பொதுப்பகுதிகளையும் வசதிகளையும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம், இனி நிறுவனத்தின்மீது எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருந்தது. கையெழுத்திட்டால் சேமிப்பு நிதியான கார்ப்பஸ் தொகையை உடனே மாற்றித் தருவதாகவும் சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் சதுர அடிக்கு 50 ரூபாய் வீதம் வாங்கிய பணம் அது. நம் பணத்தையே தூண்டிலில் கோத்துக் காட்டினார்கள். எங்கள் செயலாளர் அந்த வாசகத்தை அடித்துவிட்டு, ஒவ்வொரு வசதிக்கும் தனி வரியும் அன்றைய நிலையும் கொண்ட பட்டியலை இணைத்தார். நன்றாக ஓடிய லிஃப்டையும் ஜெனரேட்டரையும் ஏற்றோம். போடியத்தையும் இரண்டாவது ஊதும் இயந்திரத்தையும் "குறை நிலுவையில் உள்ளது" என்ற குறிப்போடு மட்டுமே பெற்றுக்கொண்டோம். அன்றாடப் பராமரிப்பை நாமே ஏற்பதில் ஒரு நன்மையும் இருந்தது. குடியிருப்போர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் மாதம் 7,500 ரூபாய் வரை வாங்கும் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, நிறுவனம் வாங்கும்போது அந்த விலக்கு இல்லை. சங்கம் பொறுப்பேற்ற பிறகு முதல் வேலையாக ஊதும் இயந்திரத்தை நாள் முழுவதும் ஓடவிட்டோம். சில வாரங்களில் குடுவையில் பழுப்புச் சேறு தெரிந்தது, நாற்றம் அடங்கியது.

விரிவு இணைப்பின் பெரும்பகுதி இப்போது மேலிருந்தே பெயர்த்துப் புதிதாக மூடப்பட்டு, நீர் தேக்கிப் பார்த்து ஏற்கப்பட்டுவிட்டது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதால் கடைசிக் கட்டம் தை மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அந்த இடத்தில் கூரை இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. புதிய ஊதும் இயந்திரம் வந்துவிட்டது. கார்ப்பஸ் தொகை வட்டியில்லாமல் வந்தது. விற்காத வீடுகளின் பங்கைப் பற்றி நிறுவனம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அந்த இரண்டுக்காக மட்டும் ஆணையத்தில் படிவம் எம்-இல் முறையீடு தயாராகிக்கொண்டிருக்கிறது. இழப்பீடு கேட்பதானால் தீர்ப்பளிக்கும் அலுவலரிடம் தனியாகப் படிவம் என்-இல் விண்ணப்பிக்க வேண்டும். கார் கறைக்காக அதையும் கேட்கலாம் என்று சிலர் விரும்பினார்கள். கணக்கு முறையீட்டோடு அதைக் கலக்க வேண்டாம் என்பதில் கூட்டம் ஒருமனப்பட்டது.

எஞ்சியிருப்பது காலக்கெடு. பிரிவு 14(3) நாம் கவனத்துக்குக் கொண்டுவந்த குறைகளையே காக்கும். சொல்லாமல் விட்ட குறையை ஆறாம் ஆண்டில் எழுதினால் அதற்கு இந்தப் பிரிவில் இடமில்லை. மொட்டைமாடி நீர்த்தடுப்பு, குழாய்கள் ஏறும் செங்குத்துப் பொந்துகள், தீயணைப்புக் குழாயின் அழுத்தம் ஆகிய மூன்றையும் நாங்கள் இன்னும் முழுமையாகச் சோதிக்கவில்லை. வரும் கோடையில் வெளிப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு அவற்றை ஒவ்வொரு கட்டடமாகப் பார்த்துப் பட்டியலிட்டு, முதல் வீட்டின் சாவி கொடுத்த நாளை அடிப்படையாக வைத்து, ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் இரண்டாவது கடிதத்தை அனுப்ப முடிவு செய்திருக்கிறோம்.